கூடுதல் நாள் கேட்பதற்கு முன் பில்களை எண்ணுங்கள்

கேள்வி: மின்பொருள் கடை வைத்திருக்கிறேன். ஒயர், சுவிட்ச், பைப் எல்லாம் நான்கு வருடமாக ஒரே மொத்த வியாபாரியிடம்தான் எடுக்கிறேன். போன வருடம் வாரம் 75,000-க்கு எடுத்தேன், இப்போது வாரம் ஒன்றரை லட்சம். ஆரம்பத்தில் பேசிய 15 நாள் கடனும் 2.5 லட்சம் லிமிட்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. என்னிடம் வாங்கும் கான்ட்ராக்டர்கள் பணம் தர நான்கு வாரம் ஆகிறது. கடையில் சரக்கு சராசரியாக 20 நாள் நிற்கிறது. போன மாதம் இரண்டு தடவை, லிமிட் தாண்டிவிட்டது என்று சரக்கை அனுப்பாமல் நிறுத்திவிட்டார்கள். விற்பனைப் பிரதிநிதியிடம் 45 நாள் கேட்டேன். முதலாளியிடம் சொல்கிறேன் என்றவர் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேறொருவர் 30 நாள் தருகிறேன் என்கிறார், ஆனால் விலை ஒன்றரை சதவீதம் கூடுதல். பழையவரை விட மனமில்லை. எப்படிப் பேசுவது?

பதில்: உங்களைத் தடுத்துக்கொண்டிருப்பது 15 நாள் என்ற கணக்கல்ல, 2.5 லட்சம் என்ற லிமிட். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் நாட்களை மட்டும் கேட்டதால்தான் உங்கள் கோரிக்கை பிரதிநிதியோடு நின்றுவிட்டது. 45 நாள் கொடுத்து லிமிட்டை மட்டும் அப்படியே வைத்திருந்தால் உங்களுக்கு ஒரு நாள்கூடக் கூடியிருக்காது.

போன வருடக் கணக்கை முதலில் பாருங்கள். வாரம் ஒரு பில், ஒவ்வொன்றும் 75,000. முதல் பில் வந்த 7-ஆம் நாள் இரண்டாவது, 14-ஆம் நாள் மூன்றாவது. முதல் பில்லுக்குப் பணம் கட்டுவது 15-ஆம் நாள். ஆகவே பாக்கி உச்சத்தில் இருக்கும்போது மூன்று பில்கள் நிற்கும், மொத்தம் 2.25 லட்சம். லிமிட் 2.5 லட்சம் என்பதால் உரசல் இல்லாமல் ஓடியது.

இப்போது பில் ஒன்றுக்கு 1.5 லட்சம். அதே மூன்று பில்கள் 4.5 லட்சம் ஆகின்றன. இரண்டாவது பில்லிலேயே 3 லட்சத்தைத் தொட்டு லிமிட்டைத் தாண்டிவிடுகிறீர்கள். முதல் பில்லுக்கு இன்னும் எட்டு நாள் தவணை இருக்கும்போதே, 7-ஆம் நாள் 50,000 கட்டினால்தான் அடுத்த சரக்கு கிளம்பும். அதற்கடுத்த வாரங்களில் ஒவ்வொரு வண்டிக்கு முன்பும் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டியிருக்கும். நாள் ஒன்றுக்குச் சுமார் 21,400-க்கு எடுக்கும் ஒருவருக்கு 2.5 லட்சம் லிமிட் என்றால் அது 12 நாளுக்கும் குறைவான கடன். காகிதத்தில் 15 நாள் இருக்கிறது, வியாபாரம் இரண்டு மடங்கானதும் அதில் மூன்று நாளுக்கு மேல் சத்தமில்லாமல் கரைந்துவிட்டது.

இப்போது இதையே மொத்த வியாபாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் கேட்ட 45 நாளில் ஏழு பில்கள் ஒரே சமயத்தில் நிற்கும், அதாவது 10.5 லட்சம். இதுவரை உங்களை நம்பி அவர் விட்டுவைத்த தொகையைப் போல நான்கு மடங்குக்கு மேல். நீங்கள் சொன்னது நாள் கணக்கு, அவர் காதில் விழுந்தது இந்தத் தொகை.

அவருடைய தயக்கம் வட்டியைப் பற்றியது என்று பலர் நினைத்து அதற்கேற்பப் பேசுகிறார்கள். கணக்குப் போட்டால் அது சரியில்லை என்று தெரியும். அவருக்குப் பணத்தின் செலவு ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ஆறு நாள் கூடுதலாகத் தந்தால் ஒன்றரை லட்சம் பில்லில் அவருக்கு ஆகும் வட்டி சுமார் 300. அது அவரை உறுத்தாது. உங்கள் கடை நின்றுபோய் 10.5 லட்சம் வராமல் போனால் என்ன ஆகும் என்பதே அவர் கவலை. மொத்த வியாபாரத்தில் அவருக்கு நிற்கும் லாபம் 5 சதவீதம் என்றால், அந்த இழப்பை ஈடுகட்ட அவர் 2.1 கோடிக்குப் புதிதாக விற்க வேண்டும். உங்களோடு செய்யும் மொத்த வியாபாரமே வருடத்துக்கு 78 லட்சம்தான். ஆகவே உங்கள் பேச்சு முழுவதும் அவருடைய பயத்தைக் குறைப்பதாக இருக்க வேண்டும். நான் இவ்வளவு எடுக்கிறேன், எனக்கு இது கூடவா தரமாட்டீர்கள் என்ற தொனி அந்தப் பயத்தைக் கூட்டத்தான் செய்யும். நீங்கள் அதிகம் எடுக்க எடுக்க அவர் பணமும் உங்களிடம் அதிகமாகத்தானே நிற்கிறது?

எத்தனை நாள் கேட்பது

உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் வாரம் ஒரு முறை எடுப்பவர். அப்படிப்பட்டவருக்குக் கடன் நாட்கள் ஏழின் மடங்காக இருந்தால் இரு பக்கமும் லாபம்.

15 நாள் கடனில் உச்சத்தில் மூன்று பில்கள் நிற்கின்றன என்று பார்த்தோம். அதை 21 நாளாக்கி, 21-ஆம் நாள் புதுச் சரக்கு கிளம்புவதற்கு முன் பழைய பில்லின் பணம் அவர் கணக்கில் ஏறிவிடும் என்று வைத்துக்கொண்டால், அப்போதும் உச்சத்தில் நிற்பது அதே மூன்று பில்கள்தான். உங்களுக்கு ஆறு நாள் கூடுகிறது. அவர் பணம் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல் நாள் வெளியே நிற்கும் என்பது உண்மை, ஆனால் அவர் பயப்படும் உச்சத் தொகை ஏறவில்லை. இதேபோல் 30 நாள் கேட்டால் ஐந்து பில்கள் நிற்கும், 7.5 லட்சம். 28 நாள் கேட்டால் நான்கு பில்கள், 6 லட்சம். இரண்டு நாளை விட்டுக்கொடுத்தால் அவருடைய ஆபத்தில் ஒன்றரை லட்சம் குறைகிறது. 30, 45 என்று வாய்க்கு வரும் எண்களைவிட 21, 28 என்ற எண்கள் அவருடைய கணக்காளருக்குச் சட்டென்று புரியும்.

ஆகவே இப்போது நீங்கள் கேட்க வேண்டியது 21 நாள், அதோடு 5 லட்சம் லிமிட். மூன்று பில்களுக்கு 4.5 லட்சம்தானே, ஏன் 5 என்றால், வாரக் கொள்முதல் 10 சதவீதம் கூடினாலே மூன்று பில்கள் 4.95 லட்சம் ஆகிவிடும். அந்த இடைவெளி இல்லாமல் லிமிட் வாங்கினால் இரண்டு மாதத்தில் மறுபடியும் சரக்கு நிற்கும். இந்தத் தொகைகளை வரி சேர்த்த பில் தொகையில் போடுங்கள். லிமிட்டில் ஏறுவது பில்லின் அடியில் இருக்கும் மொத்தத் தொகை. வரிக்கு முந்தைய கொள்முதல் கணக்கை வைத்து லிமிட் கேட்டுவிட்டுப் பிறகு முழிப்பவர்கள் உண்டு.

இரண்டாம் கட்டமாக 28 நாளும் 6.5 லட்சமும். அதை இன்றைக்கே கேட்காதீர்கள், ஆனால் இன்றைக்கே பேச்சில் வையுங்கள். 13 வாரம், ஒரு பில்கூடத் தாமதமில்லாமல் கட்டினால் இரண்டாம் கட்டத்துக்குப் போகலாமா என்று கேளுங்கள். அதோடு, இரண்டு பில்கள் தவணை தாண்டினால் அவர் பழைய 15 நாளுக்கே திருப்பிவிடலாம் என்றும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். பின்வாங்க வழி இருக்கிறது என்று தெரிந்தால் முன்னே ஓர் அடி வைப்பது அவருக்கு எளிது.

21 நாளும் 5 லட்சமும் கிடைத்தால் உங்கள் கையில் என்ன மாறும்? 20 நாள் சரக்கு, 28 நாள் வசூல், ஆக நீங்கள் போட்ட பணம் திரும்ப 48 நாள் ஆகிறது. அதில் 12 நாளை இப்போது சப்ளையர் தாங்குகிறார், மீதி 36 நாளுக்கு உங்கள் சொந்தப் பணம் 7.7 லட்சம் போல முடங்கிக் கிடக்கிறது. 21 நாள் ஆனால் அது 5.8 லட்சமாகும். 28 நாளில் 4.3 லட்சம்.

இதே கணக்கை மறுபக்கமிருந்தும் பாருங்கள். கான்ட்ராக்டர்களின் நான்கு வாரத்தை மூன்றாக்கினாலே, யாரிடமும் எதுவும் கேட்காமல் ஒன்றரை லட்சம் விடுபடுகிறது. எல்லாரிடமும் முடியாது என்றால், பாக்கியில் பெரும்பகுதியை வைத்திருக்கும் நான்கைந்து பேரிடம் மட்டும் ஆரம்பியுங்கள். மொத்த வியாபாரி கெட்டிக்காரராக இருந்தால், நீங்கள் உங்கள் ஆட்களுக்கு எத்தனை நாள் விடுகிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார். நான்கு வாரம் என்பது மட்டுமே பதிலாக இருந்தால், உங்கள் வசூலில் இருக்கும் ஓட்டையை அவர் பணத்தால் அடைக்கப் பார்க்கிறீர்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

பேசப் போகும் முன்

அவரிடமிருந்து உங்கள் கணக்கின் லெட்ஜரைக் கடந்த 12 மாதத்துக்கு வாங்கி, உங்கள் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருப்பி அனுப்பிய சரக்கு, குறைவாக வந்த பெட்டி, விலை வித்தியாசம் இவற்றுக்கெல்லாம் வர வேண்டிய வரவுக் குறிப்பு ஏறாமல் கிடந்தால், அத்தனையும் உங்கள் லிமிட்டைத் தின்றுகொண்டிருக்கும். 40,000 இப்படித் தொங்கினால் 2.5 லட்சம் லிமிட்டில் அது 16 சதவீதம். போன மாதம் சரக்கு நின்ற இரண்டு தடவையில் ஒன்றுக்காவது இது காரணமாக இருக்கலாம், அந்தத் தேதிகளை எடுத்துச் சரிபாருங்கள்.

அடுத்து, ஒவ்வொரு பில்லுக்கும் பில் தேதி, தொகை, பணம் அவர் கணக்கில் ஏறிய தேதி, ஆன நாட்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் செக் கொடுத்த தேதியை எழுதாதீர்கள், அது பாஸான தேதியை எழுதுங்கள். நாட்களின் வெறும் சராசரி ஏமாற்றும். சின்ன பில்களை 8 நாளில் கட்டி, பெரிய பில்லை 24 நாளில் கட்டியவருக்கும் சராசரி அழகாக வரும். தொகையை நாளால் பெருக்கிக் கூட்டி, மொத்தத் தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் உண்மையான எண்.

அந்த எண் 15-க்குள் இருந்தால் உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் அதுதான். 17, 18 என்று வந்தால் இப்போது பேசப் போகாதீர்கள். தாமதமாகக் கட்டுபவர் கூடுதல் நாள் கேட்கும்போது, ஏற்கெனவே எடுத்துக்கொள்வதற்கு அனுமதி கேட்பதாகத்தான் அது ஒலிக்கும். அடுத்த மூன்று மாதம் எல்லாவற்றையும் 15-க்குள் கட்டிவிட்டுப் பிறகு போங்கள். அதுவரை லிமிட்டை மட்டும் உயர்த்தித் தரச் சொல்லலாம்.

யாரிடம், எப்போது, எப்படி

பிரதிநிதிக்கு உங்கள் ஆர்டர் வேண்டும், ஆனால் கடனை முடிவு செய்யும் அதிகாரம் அவரிடம் இருக்காது. அவரைத் தாண்டிப் போனால் அவர் மனம் வருந்துவார். ஆகவே அவரிடமே, கணக்குப் பார்ப்பவரும் முதலாளியும் இருக்கும்போது அரை மணி நேரம் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். முன்பு கேட்ட 45 நாளை விட்டுவிட்டேன், சரியான கணக்கோடு வருகிறேன் என்றும் சொல்லிவிடுங்கள். அந்த எண் அங்கே தொங்கிக்கொண்டிருந்தால் 21-ஐயும் பேரமாகத்தான் பார்ப்பார்கள்.

போகும் நாள் முக்கியம். சரக்கு நிறுத்தப்பட்டிருக்கும் நாளிலோ, ஒரு பில் தவணையைத் தொட்டிருக்கும் நாளிலோ பேசாதீர்கள். பெரிய பில்லுக்குப் பணம் ஏறிய மறுநாள் போங்கள். உங்கள் தொழிலில் விற்பனை உச்சமாகும் பருவம் என்று ஒன்று இருந்தால் அதற்கு இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். பருவத்துக்கு நடுவில் அவர் கையிலும் பணம் இறுக்கமாக இருக்கும், எல்லா வாடிக்கையாளர்களும் அதே கோரிக்கையோடு வரிசையில் நிற்பார்கள்.

பேச்சை இப்படி ஆரம்பிக்கலாம்: “போன வருடம் வாரம் 75,000-க்கு எடுத்தேன், இப்போது ஒன்றரை லட்சம். பன்னிரண்டு மாத பில்களும் எத்தனை நாளில் கட்டியிருக்கிறேன் என்று இந்தத் தாளில் இருக்கிறது. கொள்முதல் ஏறிய அளவுக்கு லிமிட் ஏறாததால் 15 நாள் தவணையையே என்னால் முழுதாகப் பயன்படுத்த முடியவில்லை. 21 நாளும் 5 லட்சமும் தந்தால், ஒவ்வொரு வாரமும் சரக்கு ஏறும் நாளுக்கு முதல் நாள் பழைய பில்லுக்கு நேரடியாக வங்கியில் போட்டுவிடுகிறேன். அப்படிச் செய்தால் மூன்று பில்லுக்கு மேல் உங்கள் பணம் என்னிடம் எப்போதும் நிற்காது.” இதைச் சொல்லிவிட்டுத் தாளை நீட்டி, அவர் கணக்குப் போட்டுப் பார்க்க நேரம் கொடுங்கள். அவர் வாயைத் திறக்கும் முன்பே விட்டுக்கொடுக்கத் தொடங்குவது நிறையப் பேர் செய்யும் தவறு.

வாரத்தில் ஒரு குறித்த கிழமையில் பணம் என்ற அந்த வாக்குறுதியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வசூலுக்கு ஆள் அனுப்ப வேண்டாம், போன் போட வேண்டாம், எந்தத் தேதியில் எவ்வளவு வரும் என்று அவர் தன் சப்ளையருக்கு வாக்குக் கொடுக்கலாம். பல மொத்த வியாபாரிகளுக்கு இது அரை சதவீத விலையைவிடப் பெரியது.

அவர் திருப்பிக் கேட்கக்கூடியவை

விலையைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறேன் என்றால் உடனே தலையாட்டாமல், அதை ஆண்டு வட்டியாக மாற்றிப் பாருங்கள். கூடும் சதவீதத்தை 365-ஆல் பெருக்கி, கூடுதலாகக் கிடைக்கும் நாட்களால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 30 நாள் தருகிறேன் என்ற அந்தப் புதியவரையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது கையில் நிற்கும் 12 நாளோடு ஒப்பிட்டால் 18 நாள் கூடுதல், அதற்கு விலை ஒன்றரை சதவீதம். 1.5-ஐ 365-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டுகிறது. உங்கள் வங்கி ஓவர்டிராஃப்டுக்குக் கேட்கும் வட்டியோடு அதை வைத்துப் பாருங்கள். வங்கி வட்டி அதைவிடக் குறைவாக இருந்தால், விலையேற்றம் என்ற பெயரில் அந்த நாட்களை வாங்குவதற்குப் பதில் வங்கியில் எடுத்துப் பழைய விலையிலேயே கட்டுவது மேல். தவிர, வங்கிக் கடனுக்கு எடுத்த நாளுக்குத்தான் வட்டி. ஏற்றிய விலையை நீங்கள் முன்கூட்டியே கட்டினாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

புதியவரின் பெயரை முதல் பேச்சில் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நான்கு வருட உறவில் அது மிரட்டலாக விழும், அவர் அதே கணக்கைப் போட்டு ‘அங்கே விலை கூடுதலாச்சே’ என்றும் கேட்டுவிடலாம். இரண்டு முறை பேசியும் அசையாவிட்டால் மட்டும், கூடுகிற பகுதியை வேறு இடத்தில் எடுக்க வேண்டியிருக்கும் என்று சாதாரணமாகச் சொல்லுங்கள்.

பிணை கேட்டால் எந்த வகை என்று பாருங்கள். தேதி போட்ட செக் கேட்டால், ஒவ்வொன்றும் எந்த பில்லுக்கு என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுங்கள், தொகை எழுதாத வெற்றுச் செக் கொடுக்காதீர்கள். வங்கி உத்தரவாதம் கேட்டால், வங்கி உங்களிடம் எவ்வளவு வைப்புத்தொகை பிடிக்கும் என்று முதலில் விசாரியுங்கள். 5 லட்சம் உத்தரவாதத்துக்கு 5 லட்சத்தையும் முடக்கச் சொன்னால், கிடைக்கும் கடனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, கமிஷன் வேறு போகும். சொந்தப் பொறுப்பில் உத்தரவாதக் கையெழுத்து கேட்டால் அதில் தொகைக்கும் காலத்துக்கும் உச்சவரம்பு எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாமல் போட்ட கையெழுத்து, லிமிட் பின்னால் ஏறும்போதெல்லாம் உங்களோடு சேர்ந்து ஏறும்.

மாதம் இவ்வளவு கட்டாயம் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வளர்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போது 6 லட்சம் என்று எழுதிக் கொடுப்பது எளிதாகத் தோன்றும். இரண்டு கான்ட்ராக்டர்களின் வேலை நின்றால், விற்காத ஒயர்ச் சுருளைக் கடன் நாளைக் காப்பாற்றுவதற்காக வாங்கி அடுக்க வேண்டிவரும். அதற்குப் பதிலாக அடுத்த மூன்று மாதத்துக்கு எதை எவ்வளவு எடுக்க உத்தேசம் என்ற பட்டியலைக் கொடுங்கள். அவர் தன் இருப்பைத் திட்டமிட அதுவே போதும். அளவு எழுதியே ஆக வேண்டும் என்று நின்றால் மூன்று மாத சராசரியாக, இப்போது எடுப்பதில் 70 சதவீதத்துக்கு மேல் போகாமல், எட்டாவிட்டால் அபராதம் இல்லை, நாட்கள்தான் குறையும் என்று எழுதுங்கள்.

ஒத்துக்கொண்டதை எழுத்தில்

பேசி முடித்த அன்றே மின்னஞ்சலில் அனுப்பி, சரி என்று பதில் வாங்கிவிடுங்கள். அதில் கண்டிப்பாகத் தெளிவாக வேண்டியது, 21 நாள் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும் என்பது. பில் போட்டு நான்கு நாள் கழித்துச் சரக்கு வருகிறது என்றால், பில் தேதியிலிருந்து எண்ணும்போது நீங்கள் போராடி வாங்கிய ஆறு நாளில் நான்கு போய்விடும். சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ண அவர் ஒப்பாவிட்டால், வண்டி கிளம்பும் நாளில்தான் பில் போட வேண்டும் என்று கேளுங்கள். கணக்காளருக்கு அதில் சிரமம் இல்லை. ஒரு பில்லில் ஒரு பெட்டியைப் பற்றித் தகராறு இருந்தால் அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி மீதியைக் கட்டலாம் என்பதும், சரக்கை நிறுத்துவதற்கு இரண்டு நாள் முன்பாவது தெரிவிக்க வேண்டும் என்பதும், இந்த ஏற்பாட்டை மாற்றுவதானால் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். இரண்டாம் கட்டத்தைப் பற்றிப் பேசும் தேதியையும் எழுதிவிடுங்கள்.

கிடைத்த பிறகு

நாட்கள் கூடிய அந்த முதல் சில வாரங்களில் உங்கள் வங்கிக் கணக்கில் திடீரென்று சுமார் 2 லட்சம் மிச்சமாகத் தெரியும். அது லாபம் இல்லை. நீங்கள் கட்ட வேண்டிய பணம் சில நாள் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான், அதுவும் ஒரே ஒரு தடவை நடப்பது. அடுத்த மாதம் மறுபடி 2 லட்சம் வராது. அதை எடுத்துக் கடைக்கு அலமாரி போட்டவர்களும் வீட்டுச் செலவுக்கு எடுத்தவர்களும் விற்பனை குறையும் மாதத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். காரணம் எளிது: வாரக் கொள்முதல் 1.5 லட்சத்திலிருந்து 1 லட்சமாக இறங்கினால், அப்போதும் மூன்று வாரத்துக்கு நீங்கள் கட்ட வேண்டியது பழைய 1.5 லட்சம் பில்கள்தான். 4.5 லட்சமாக இருந்த பாக்கி 3 லட்சமாகச் சுருங்கும்போது, புதுக் கொள்முதலுக்கு மேல் ஒன்றரை லட்சம் கையிலிருந்து போகும். வியாபாரம் ஏறும்போது சப்ளையர் கடன் பணம் கொடுக்கும், இறங்கும்போது அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்த 2 லட்சத்தில் ஓவர்டிராஃப்டைக் குறையுங்கள், வேண்டும்போது திரும்ப எடுக்கலாம். ஓவர்டிராஃப்ட் இல்லையென்றால் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

கூடுதல் நாள் கிடைத்ததும் கடையில் சரக்கு நிற்கும் நாளும் தானாகக் கூடுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். 20 நாள் 26 ஆகிவிட்டால் வாங்கிய ஆறு நாளும் அலமாரியில் போய் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பில் விலைகளையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதிகம் ஓடும் பத்துப் பொருட்களுக்கு மட்டுமாவது வெளி விலையோடு ஒப்பிடுங்கள். கடனைக் கொடுத்துவிட்டு விலையில் மெல்ல எடுத்துக்கொள்வது பேச்சில் வராமலே நடக்கக்கூடியது.

ஒரு வாரம் பணம் தட்டுப்பாடானால் தவணைக்கு இரண்டு நாள் முன்பே நீங்களாக அழைத்து, இவ்வளவு இப்போது, மீதி இந்தத் தேதியில் என்று சொல்லி, சொன்னபடி ஒரு பகுதியை அன்றே அனுப்பிவிடுங்கள். தவணை தாண்டிய பிறகு சொல்லப்படும் அதே காரணம் அவர் புத்தகத்தில் வேறு மாதிரி பதிவாகும்.

இத்தனைக்குப் பிறகும் முடியாது என்றால், அவரை எது தடுக்கிறது என்று நேராகக் கேளுங்கள். அவருக்குச் சரக்குத் தரும் கம்பெனியே நாட்களைக் குறைத்திருக்கலாம், அல்லது வேறொரு கடையில் பணம் மாட்டியிருக்கலாம். அப்படியானால் 15 நாளை அப்படியே விட்டுவிட்டு, லிமிட்டை மட்டும் 5 லட்சமாக்கச் சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 15 நாளை உண்மையில் கொடுக்கச் சொல்லும் கோரிக்கை அது, மறுப்பது கடினம். அதுவும் இயலாவிட்டால் இப்போதைக்கு ஒரே பில்லை இரண்டாக்கிவிடலாம்: வாரத்துக்கு ஒரு முறை 1.5 லட்சத்துக்கு எடுப்பதை, வாரம் இரு முறை 75,000-ஆக எடுத்து, ஒவ்வொரு வண்டிக்கு முன்பும் 75,000 கட்டுங்கள். லிமிட் 2.5 லட்சத்திலேயே நிற்கும், ஆனால் ஒரே நாளில் ஒன்றரை லட்சம் புரட்ட வேண்டிய நெருக்கடி போகும், கடையில் நிற்கும் சரக்கும் இரண்டு நாள் அளவுக்குக் குறையும். வண்டிச் செலவு இரட்டிப்பாகும் என்பதால், அதை யார் ஏற்பது என்பதை மட்டும் முன்னதாகப் பேசிக்கொள்ளுங்கள்.